லாக்பிரேமில் வெளியீடும் விளைவும்

“மியான்மரில் பெகு பக்கம் எங்கள் ஊரில் 4 குழாய்க் கிணறு போடுகிறோம். லாக்பிரேம் என்ற திட்ட அட்டவணையில், வெளியீடு வரிசையில் ‘120 வீடுகள் நல்ல தண்ணீர் குடிக்கும்’ என்று எழுதினேன். நிதி தருபவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?”

ஐயா, குடிப்பது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. அதனால் அது விளைவு. பணமும் துளையிடும் இயந்திரமும் உள்ளீடு, துளையிடுவது செயல்பாடு. உங்கள் ஆட்கள் முடித்து ஒப்படைப்பதுதான் வெளியீடு: கைபம்பு பொருத்திய 4 கிணறுகள், ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இல்லை என்று ஆய்வுத்தாள். ஆற்றுப்படுகை ஊர்களில் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

விளைவை அளக்கும் குறிகாட்டி இப்படி வரட்டும்: ‘கிணறு முடிந்து 12 மாதத்தில், 120 வீடுகளில் 90 வீடு குடிக்க இந்தத் தண்ணீரையே எடுக்கும்.’ இன்று எத்தனை வீடு குளத்துத் தண்ணீர் குடிக்கிறது என்று முதலில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் 90 வெறும் எண். சரிபார்க்கப் படிவம் மட்டும் போதாது. வீட்டுக்குப் போய்ப் பானையில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைவது தாக்கம். கழிப்பறை, கை கழுவுதல் எல்லாம் அதில் சேரும், உங்கள் கிணறு ஒரு பங்குதான்.

வெளியீட்டு வரிசையின் அனுமானக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள், பலரும் அப்படித்தான். ‘ஏப்ரலில் கிணறு வற்றாது, பம்பு வாஷர் தேய்ந்தால் மாற்ற ஊர்க் கமிட்டி பணம் வசூலிக்கும்’ என்று அங்கே எழுதுங்கள். பிறகு கீழிருந்து படியுங்கள்: கிணறு இருந்து, இந்த இரண்டும் நடந்தால், மக்கள் குடிப்பார்களா? தண்ணீரில் இரும்பு வாடை அடித்தால் மாட்டார்கள். அப்போது இரும்பு வடிகட்டியையும் வெளியீட்டில் சேர்க்க வேண்டியிருக்கும்.