பந்தலா, கெனோப்பியா? குழப்பத்திலும் வழிகாட்டும் அடைவு

கேள்வி: பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் போடும் குழு நாங்கள். 140 பக்கக் கையேட்டைப் பல பேர் சேர்ந்து கூகள் டாக்ஸில் எழுதுகிறோம். ஒருவர் ‘கெனோப்பி’ என்பதை இன்னொருவர் ‘கூடாரம்’ என்கிறார், மற்றவர் ‘பந்தல்’ என்கிறார். பின்னால் ஓர் அடைவு போட்டோம், யாருக்கும் தேடியது கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், கையேடு முழுவதும் ஒரே சொல்லாக மாற்றிவிடலாம் என்று ‘தேடி மாற்று’ வசதியைத் தொடாதீர்கள். ‘பந்தல்’ எல்லாம் ‘கெனோப்பி’ ஆனால் ‘தண்ணீர்ப் கெனோப்பி’ முளைத்துவிடும். உங்கள் சிக்கலில் இரண்டு வகை கலந்திருக்கிறது: ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள், ‘பந்தல்’ என்ற ஒரே சொல்லுக்குக் கூரை, முழுத் தண்ணீர்ப் பந்தல் என்று இரண்டு பொருள்கள். எழுதியவர்கள் எழுதியபடியே இருக்கட்டும். சமரசம் அடைவில் நடந்தால் போதும்.

பக்க எண்ணை விட்டுவிடுங்கள். யாராவது ஒரு பத்தி சேர்த்தாலே அது நகர்ந்துவிடும். 5.2, 5.4 என்று பகுதி எண்ணைக் கொடுங்கள். ஒரு பகுதியை நீக்கினாலும் அதன் எண்ணை வேறு பகுதிக்குத் தராதீர்கள்.

பிறகு ஒரு ஷீட்டில் நான்கு நெடுவரிசைகள்: A தலைச்சொல், B உட்தலைப்பு, C பகுதி எண், D காண்க. உட்தலைப்பு உள்ள ஒவ்வொரு வரியிலும் தலைச்சொல்லை A-இல் மறுபடி எழுதுங்கள். C நெடுவரிசையை முன்கூட்டியே ‘Plain text’ ஆக்குங்கள், இல்லாவிட்டால் 5.10 என்று தட்டியது 5.1 ஆகிவிடும்.

கையேட்டைத் தேடலை நம்பாமல் படித்தே குறிக்க வேண்டும். ‘பந்தல்’ என்று தேடினால் ‘பந்தலில்’, ‘பந்தலுக்கு’ சிக்காது, புள்ளி போய்விடுகிறதே! ஒவ்வோர் இடத்திலும் இங்கே எந்தப் பொருள் என்று முடிவுசெய்து எழுதுங்கள். உங்கள் கையேட்டில் இப்படி அமையலாம்:

கூடாரம், காண்க: கெனோப்பி
கெனோப்பி
– கழற்றுதல் 9.1
– கால்களைக் கட்டுதல் 5.4
– வாடகை 5.2
பந்தல் (கூரை), காண்க: கெனோப்பி
பந்தல் (சேவை), காண்க: தண்ணீர்ப் பந்தல்

தலைச்சொல்லாகத் தொண்டர்கள் வாயில் வருவதையே வையுங்கள், இலக்கணச் சுத்தம் இங்கே உதவாது. ஒரு சொல்லுக்கு ஒன்றிரண்டு எண்களே இருந்தால் ‘காண்க’ போட்டு அலையவிடாமல் இரண்டு இடத்திலும் எண்ணையே கொடுங்கள். மாறாக, ஒரு சொல்லுக்குப் பின் ஆறேழு எண்கள் வெறுமனே நின்றால் உட்தலைப்பாகப் பிரியுங்கள். ஏழு இடத்தையும் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பல பேர் கைவைக்கும் ஷீட்டில் அடிக்கடி நேரும் பிழை: கூடாரம் கெனோப்பியைக் காட்டும், கெனோப்பி பந்தலைக் காட்டும், பந்தலுக்கு எண்ணே இருக்காது. E2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(D2="","",COUNTIFS(A:A,D2,C:C,"<>"))
```

0 வந்தால், ‘காண்க’ காட்டும் சொல் அடைவில் இல்லை, அல்லது அதற்குப் பகுதி எண் இல்லை. எழுத்துப் பிழையும் இதில் மாட்டும்.