மூக்கை மாற்றி மாற்றி மூச்சு விட்டால் மனம் ஏன் அடங்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு மூக்கை விரலால் அடைத்து மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துபவன், இந்தப் பயிற்சியைத் தினமும் செய்பவனும்கூட. அதனால் இரண்டு பக்கமும் நின்று பேசப்போகிறேன்.

கேள்வி: ஒரு மூக்கை அடைத்து மாற்றி மாற்றி விடுவதால்தான் அமைதி வருகிறதா, இல்லை சும்மா மெதுவாக மூச்சு விட்டாலே போதுமா?

பெரும் பங்கு மெதுவாக விடுவதற்குத்தான். முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். இதயத்தை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடி, இழுக்கும் நேரத்தில் தளர்ந்து விடும் நேரத்தில் திரும்ப இறுகுவதுதான் காரணம். நிமிடத்துக்கு 14, 15 மூச்சு என்று போகும்போது வேகஸ் முழுதாகப் பிடிப்பதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு, அதாவது ஒரு மூச்சுக்கு 10 விநாடி என்று வரும்போது அதற்கு நேரம் கிடைக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: கழுத்துத் தமனியில் இருக்கும் அழுத்த உணரிகள் ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அலையும் ஏறக்குறைய அதே 10 விநாடித் தாளத்தில் போகிறது, மூச்சும் அந்தத் தாளத்துக்கு வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று வலுப்படுத்துகின்றன. 2001ல் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டி குழு, ஜெபமாலை சொல்பவர்களுக்கும் மந்திரம் சொல்பவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு 6 பக்கம் வந்து நிற்பதைக் காட்டியது. அங்கே யாரும் மூக்கை அடைக்கவில்லை.

அடுத்தது, நீங்கள் கேட்டதற்கு நேரான சோதனை. கியா, லீ என்ற இருவர் 2012ல் வெளியிட்ட ஆய்வில், யோக மூச்சுப் பழக்கம் இல்லாதவர்களை ஒரு முறை மூக்கை மாற்றியும், இன்னொரு முறை இரண்டு மூக்கிலும் அதே வேகத்திலும் மூச்சு விட வைத்தார்கள். இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் இரண்டிலும் கூடியது, இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு தெரியவில்லை.

அப்படியானால் விரலுக்கு என்ன வேலை? மூச்சுப் பாதையின் மொத்தத் தடையில் பாதி மூக்கில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தை அடைத்தால் அந்தத் தடை கூடுகிறது, காற்று வேகமாகப் போக முடிவதில்லை, மூச்சு தன்னால் நீள்கிறது. எண்ணிக்கை வைத்து மெதுவாக்கச் சொன்னால் பலர் மார்பை இறுக்கிக்கொண்டு போராடுவார்கள், மூக்கை அடைத்தால் அந்தப் போராட்டம் இல்லை. அப்புறம் எந்த விரல், எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் கவனமும் அங்கேயே நிற்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் அருமை இந்த இரண்டில்தான் இருக்கிறது.

கேள்வி: வீடியோ பார்த்து நன்றாக நெஞ்சு நிறைய இழுத்துச் செய்கிறேன். ஐந்தாவது நிமிடம் தலை லேசாகிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று இருக்கிறது. ஆக்ஸிஜன் அதிகம் போவதால் இப்படி ஆகிறது, நல்லதுதான் என்கிறார்கள். சரியா? (இழுக்க 2 விநாடி, விட 3 விநாடி ஆகிறது.)

சரி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவருக்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் 97, 98 சதவீதம் நிறைந்திருக்கும், அதற்கு மேல் ஏற்ற அங்கே இடமில்லை. உங்களுக்கு நடப்பது கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறுவது.

நீங்கள் கொடுத்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக ஒரு மூச்சு சுமார் 500 மில்லி. அதில் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று வழியிலேயே நின்றுவிடும், நுரையீரலின் சிற்றறைக்குப் போய்ச் சேருவது 350 மில்லி. நிமிடத்துக்கு 14 மூச்சு என்றால் 4,900 மில்லி, கிட்டத்தட்ட 5 லிட்டர். இப்போது உங்கள் பயிற்சி: ஒரு மூச்சுக்கு 5 விநாடி, நிமிடத்துக்கு 12. நெஞ்சு நிறைய என்பதை 1,200 மில்லி என்று வைத்தால் உள்ளே சேருவது 1,050, பன்னிரண்டால் பெருக்கினால் 12,600 மில்லி. உடல் கேட்டதைப் போல இரண்டரை மடங்கு! உட்கார்ந்திருக்கும் உடல் கார்பன் டை ஆக்ஸைடைக் கூடுதலாக உண்டாக்குவதில்லை, அதனால் ரத்தத்தில் அது சரசரவென்று இறங்குகிறது. வழக்கமான அளவு 40 மில்லிமீட்டர் பாதரசம். அதிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டர் இறங்கும்போதும் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் குறையும், தலை லேசாவது அதனால்தான். ரத்தம் கொஞ்சம் காரமாகி, அதில் கட்டுப்படாமல் இருக்கும் கால்சியமும் குறைவதால் நரம்புகள் தூண்டப்பட்டு அந்தச் சுருசுருப்பு வருகிறது. பலர் இந்த மிதப்பையே அமைதி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மாற்ற வேண்டியது இரண்டு. ஒன்று, 4 எண்ணும் வரை இழுத்து 6 எண்ணும் வரை விடுங்கள், நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். இரண்டு, நிரப்பப் பார்க்காதீர்கள். இந்த வேகத்தில் உடலின் தேவைக்கு ஒரு மூச்சு சுமார் 970 மில்லி இருந்தால் போதும், சாதாரண மூச்சைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. அதை அளந்து இழுக்க வேண்டியதில்லை, வயிறு லேசாக எழும்பி இறங்கும்படி விட்டாலே உடல் அந்த அளவை எடுத்துக்கொள்ளும்.

சரியாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள, முடித்தவுடன் கையை எடுத்துவிட்டு அடுத்த மூச்சு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். இழுக்க வேண்டும் என்ற எண்ணமே வராமல் கொஞ்ச நேரம் நின்றால், தேவைக்கு மேல் ஊதித் தள்ளியிருக்கிறீர்கள். ஆவென்று வாயைத் திறந்து இழுக்கத் தோன்றினால் எண்ணிக்கை உங்களுக்கு நீளம், 3க்கு 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். எதுவும் நடக்காதது போல மூச்சு ஓடினால் சரியாக இருக்கிறது.

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்சில் நாடிசுத்தி செய்யும்போது ஹெச்ஆர்வி எகிறுகிறது. மன அழுத்தம் குறைந்ததற்கு அது ஆதாரம்தானே?

பாதி மட்டும். மூச்சோடு சேர்ந்து துடிப்பு ஏறி இறங்குவதை முதல் பதிலில் சொன்னேன். மூச்சு நீள நீள அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகும், ஹெச்ஆர்வி என்று வாட்ச் அளப்பதும் அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். அதனால் மனக் கவலையோடு உட்கார்ந்து மெதுவாக மூச்சு விட்டாலும் எண் கூடத்தான் செய்யும். வேகஸ் வேலை செய்கிறது என்பது உண்மை, கவலை போய்விட்டது என்பதற்கு அந்த எண் சாட்சி ஆகாது. பல வாரப் பயிற்சியால் மாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டுமானால், பயிற்சி நேரத்து எண்ணை விட்டுவிட்டுத் தூக்கத்தில் பதிவாகும் எண்ணைப் பாருங்கள். அதுவும் ஒரு நாள் கணக்கு வேண்டாம், வாரச் சராசரி.

கேள்வி: எப்போது உட்கார்ந்தாலும் ஒரு மூக்கு அடைத்தே இருக்கிறது. சைனஸா?

அடைப்பு பக்கம் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் நோய் இல்லை. மூக்கின் உள்ளே இருக்கும் டர்பினேட் என்ற மடிப்புகளில் ரத்த நாளங்கள் நிறைந்த பஞ்சு போன்ற திசு உண்டு. ஒரு பக்கம் அது வீங்கும்போது மறுபக்கம் சுருங்கும், சில மணி நேரத்தில் பக்கம் மாறும். கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895ல் இதைப் பதிவு செய்தார். நம் ஊரில் சர ஓட்டம், அதாவது எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறது என்று பார்ப்பவர்கள், இடது பக்கத்தை இடகலை, வலது பக்கத்தைப் பிங்கலை என்று கவனித்து வந்ததும் இந்த மாற்றத்தைத்தான்.

ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைத்து மேல்பக்கம் திறக்கும். அக்குளில் அழுத்தம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் அடைத்து எதிர்ப்பக்கம் திறக்கும், யோகதண்டத்தை அக்குளில் ஊன்றி உட்கார்வதும் இதற்காகத்தான். ஆகவே வலது மூக்கு அடைத்திருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துக் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு ஆரம்பியுங்கள். அடைத்த மூக்கின் வழியே பலவந்தமாக இழுக்கக் கூடாது. இழுத்தால் சத்தம் வரும், மூக்கின் பக்கவாட்டுச் சுவர் உள்ளே ஒட்டும், கழுத்துத் தசைகள் புடைக்கும், இது எல்லாமே அமைதிக்கு நேர் எதிர். சளி பிடித்த நாளில் விரலை விட்டுவிட்டு இரண்டு மூக்கிலும் 4க்கு 6 செய்தால் போதும். பக்கம் மாறாமல் வாரக்கணக்கில் ஒரே மூக்கு அடைத்திருந்தாலோ, ரத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், எலும்பு வளைவோ சதை வளர்ச்சியோ இருக்கலாம்.

கேள்வி: இடது மூக்கு குளிர்ச்சி, வலது மூக்கு சூடு, ஒன்று வலது மூளைக்கு, இன்னொன்று இடது மூளைக்கு என்பது உண்மையா?

ஒற்றை மூக்கில் மட்டும் மூச்சு விடவைத்துப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. வலது மூக்கு உடலைச் சற்று முடுக்குகிறது என்று சில சொல்கின்றன, சில அப்படிக் காணவில்லை. மூளையின் பாதிகள் பற்றிய முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நாடிசுத்தியில் இரண்டு பக்கமும் சமமாக மாறுவதால் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே நீங்கள் பயிற்சியைச் செய்யலாம்.

கேள்வி: திருமூலர் 16, 64, 32 என்று சொல்லியிருக்கிறாரே, நீங்கள் ஏன் அடக்குவதைச் சொல்லவே இல்லை?

அது 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32ல் விடுவது. மாத்திரையை விநாடியாக எடுத்துக்கொண்டு செய்யப் பார்ப்பவர்களுக்கு ஒரு மூச்சுக்கு 112 விநாடி வரும், புதியவர் உடல் அதற்குத் தயாராக இருக்காது. மூச்சை அடக்கும்போது கார்பன் டை ஆக்ஸைடு ஏறி, மூச்சு விடச் சொல்லி மூளைத்தண்டு நெருக்கும். பழகாதவருக்கு அந்த நெருக்கலே பதற்றமாக மாறும், தொண்டையை இறுக்கிப் பிடித்தால் நெஞ்சறை அழுத்தமும் ரத்த அழுத்தமும் தாறுமாறாகும். அந்தப் பாடலில்கூட விடுவது இழுப்பதைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு 4க்கு 8 வரை மெல்லப் போகலாம். அடக்குவதை நேரில் பார்த்துத் திருத்தும் ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும். இதயநோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அடக்கவே வேண்டாம்.

கேள்வி: எனக்குப் பதற்ற நோய் உண்டு. மூக்கை அடைத்ததும் மூச்சு முட்டி இன்னும் பயமாகிறது. தொடர்ந்து செய்தால் சரியாகுமா?

வற்புறுத்திச் செய்யாதீர்கள். பதற்ற நோய் உள்ள பலருக்குக் கார்பன் டை ஆக்ஸைடு சிறிது ஏறினாலே மூளை அபாய மணி அடித்துவிடும், மூச்சையே கவனிப்பதும் அந்தப் பயத்தைக் கூட்டும். விரலை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தபடி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடுவதை மட்டும் இரண்டு நிமிடம் செய்து பாருங்கள். இழுப்பதை எண்ணாமல் உடலிடமே விட்டுவிடுங்கள். அதிலும் முட்டினால் இப்போதைக்கு நடைப்பயிற்சி போதும். உங்களுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.