கேமிங் கணினியின் வெப்பமும் மின்செலவும்

“டர்பனில் என் சின்ன அறை, பிப்ரவரி வெயிலில் கேம் ஆடினால் அடுப்பாகிறது. 750 வாட் பவர் சப்ளை, செலவு எவ்வளவு?”

அந்த 750 உச்சவரம்புதான். உண்மையான இழுவையை மீட்டரில் பாருங்கள். ஃப்ரிட்ஜ், கீசர் எல்லாம் அணைத்துவிட்டு, கேம் ஓடும்போது சிவப்பு விளக்கு 10 நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். மீட்டரில் 1000 imp/kWh, அதாவது ஒரு யூனிட்டுக்கு 1000 முறை மின்னும் என்றிருந்து, 75 முறை மின்னினால் 450 வாட், திரையும் சேர்த்து.

தினம் 4 மணி நேரம் ஆடினால் 1.8 யூனிட். யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால் மாதம் 162 ரேண்ட். சரியான விலை உங்கள் ப்ரீபெய்ட் ரசீதில் இருக்கும்.

அந்த 450 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. கேபினெட்டில் ஃபேன் கூட்டினால் சிப் குளிரும், அறை குளிராது. இழுவையைக் குறைக்க ஃபிரேம் ரேட்டை 60க்குக் கட்டுப்படுத்திவிட்டு, அப்புறம் மறுபடி எண்ணிப் பாருங்கள்.