31 அங்குல டயர் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா?

"பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பொலேரோவில் இருப்பது 215/75R15 டயர். ரிம்மில் 6J x 15 என்று அடித்திருக்கிறது. மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரப் பாதையில் வண்டி சிக்கிக்கொள்கிறது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் 31x10.50R15LT என்ற டயரைக் காட்டி, 'இதுவும் பதினைந்துதான், அப்படியே ஏறிவிடும். 235/75-க்கு அடுத்த அளவுதான்' என்கிறார். முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?"

கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் "பதினைந்து" என்ற ஒன்றுதான் உண்மை. அந்தப் பதினைந்து ரிம்மின் விட்டம் மட்டுமே. டயர் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதை அது சொல்லாது.

உங்கள் டயரில் இருப்பதும் அவர் காட்டியதும் இரண்டு வெவ்வேறு எழுத்து முறைகள். அங்குல முறையில் முதல் எண்ணே டயரின் மொத்த உயரம்: 31 அங்குலம். அடுத்தது அகலம், 10.50 அங்குலம். கடைசியில் ரிம். உங்கள் முறையிலோ 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. ரிம் மட்டும் அங்குலத்தில். மொத்த உயரம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றையும் கலந்து வைத்துவிட்டு, வாங்குகிறவருக்கு உண்மையில் வேண்டிய உயரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதையும் பக்கச்சுவரில் அச்சிட்டால் இடைத்தரகர்களின் பாதிப் பிழைப்பு போய்விடும். இத்தனை வருடங்களாக ஏன் செய்யவில்லை என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

கணக்கை நாமே போட்டுவிடலாம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.

```
31 x 25.4 = 787       (மொத்த உயரம்)
15 x 25.4 = 381       (ரிம்)
(787 - 381) / 2 = 203 (பக்கச்சுவர்)
10.5 x 25.4 = 267     (அகலம்)
203 / 267 = 0.76      (76 சதவீதம்)
```

ஆக, அவர் காட்டியது ஏறக்குறைய 265/75R15. இனி உங்கள் டயர்: 215-இல் 75 சதவீதம் 161, மேலும் கீழும் சேர்த்து 322, ரிம் 381-ஐக் கூட்டினால் சுமார் 703 மில்லிமீட்டர். அவர் சொன்ன 235/75R15 இதே கணக்கில் 733 வரும். உங்களுடையதிலிருந்து அதற்கு 30 மில்லிமீட்டர் ஏற்றம். அதிலிருந்து 31 அங்குலத்துக்கு இன்னும் 54. இதை "அடுத்த அளவு" என்று சொன்னவர் டேப்பைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்.

மொத்த வித்தியாசம் 84 மில்லிமீட்டர், ஏறக்குறைய 12 சதவீதம். அதில் பாதிதான் வண்டியின் அடிப்பாகத்தை உயர்த்தும். நான்கு சென்டிமீட்டர் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 67-இல் போகும். நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 89-தான் ஏறும், மைலேஜ் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும். இறங்கும்போது பிரேக்கையும் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும், ஏனென்றால் சக்கரம் பெரிதானது, பிரேக் பெரிதாகவில்லை.

அடுத்தது ரிம்மின் அகலம். உங்கள் ரிம்மில் இருக்கும் 6J-இல் 6 என்பது அதன் உள் அகலம், அங்குலத்தில். 31x10.50R15 டயரைப் பூட்ட 7 முதல் 9 அங்குலம் வரை அகலமான ரிம் வேண்டும். ஆறில் பூட்டினால் டயரின் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி புடைத்து நிற்கும். நடுவில் மட்டும் தேயும். வளைவில் வண்டி ஊசலாடும்.

இங்கே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். டயரில் எழுதியிருக்கும் அகலம் எந்த ரிம்மிலும் மாறாத அகலம் அல்ல. தயாரிப்பாளர் அளந்து பார்த்த ஒரு குறிப்பிட்ட ரிம்மில் இருக்கும் அகலம் அது. இந்த அளவுக்கு அந்த ரிம் 8.5 அங்குலம். ரிம் அரை அங்குலம் குறையும்போது டயரும் ஏறக்குறைய 0.2 அங்குலம் ஒடுங்கும். 7 அங்குல ரிம்மில் இதே டயரை டேப்பால் அளந்தால் 10.5 வராது, 9.9-தான் வரும். அது குறை அல்ல. அதற்காகக் கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். மில்லிமீட்டரில் எழுதிய டயருக்கும் இதே கதைதான். ஆனால் இந்த உண்மையைத் திருப்பிப்போட்டு, "ரிம் சின்னதென்றால் டயர் தானாக ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும்" என்பார்கள். ஒடுங்குவது அனுமதித்த ரிம்களுக்குள்தான். 7-க்குக் கீழே போனால் அது ஒடுக்கம் அல்ல, நெரிசல்.

பிறகு வரும் தந்திரம், "பூட்டிப் பார்த்துவிடலாம் வாங்க" என்பது. ஜாக்கியில் தூக்கி, வண்டி காலியாக, சக்கரம் நேராக இருக்கும்போது சுற்றிக் காட்டுவார்கள். எந்த டயரும் அப்போது உரசாது. எந்தப் பெரிய டயரைப் பூட்டினாலும் இப்படிச் சோதியுங்கள்: டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் சுற்றிலும் தடவுங்கள். ஐந்து பேரை ஏற்றுங்கள். ஒரு முன்சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்து, முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். இறங்கிப் பார்த்தால் சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. காங்கேயம் பக்கத்திலிருந்து என் பட்டறைக்கு வந்த ஒரு ஜீப்பில், டயரின் உட்பக்கச் சுவர் கண்ணாடி போல மினுங்கியது. எதிரில் பிரேக் குழாயின் மேல்தோல் உரிந்து உள்நூல் தெரிந்தது. ஓட்டியவர் ஆறு மாதமாக "லேசான சத்தம்தான்" என்று இருந்திருக்கிறார்.

உரசினால் அதே ஆள் ஸ்பேசர் விற்பார். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் வட்டு அது. பேரிங்கின் மேல் சுமை மாறும், டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தகுதிச் சான்று எடுக்கும் இடத்தில் டயரை ஒருவரும் குனிந்து பார்க்காமல் அனுப்பிவிடலாம். அதை நம்பி விற்கிறார்கள். விபத்து நடந்தபின் இழப்பீடு கேட்கப் போகும் நாளில்தான் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள்.

உங்கள் பிரச்சினை சேறு. அதற்கு உயரம் வேண்டாம், பல் வேண்டும். இதே 215/75R15 அளவில், சேற்றுக்கும் சாலைக்கும் ஏற்ற கட்டை ஆழமான டயரை எடுங்கள். 235/75R15 உங்கள் 6 அங்குல ரிம்மில் உட்காரும் என்றாலும் உயரம் 4 சதவீதம் கூடுகிறது; நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எதை எடுத்தாலும் சுமைக் குறியீடு பழைய டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் DOT என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. இந்தப் பெரிய அளவுகள் நம் பக்கம் மெதுவாகத்தான் விற்கும். கிடங்கில் கிடந்ததைக் கழுவி, பளபளவென்று மெழுகு பூசிக் கொண்டுவருவார்கள். அந்த எண்கள் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருப்பதும் உண்டு, டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.