சிபில் ஸ்கோரை ஏற்ற நகைக்கடன் வாங்கலாமா?

"என்னிடம் ரெண்டு கிரெடிட் கார்டு மட்டும்தான் இருக்கு. ஒரு நகைக்கடனும் சேர்த்தா ஸ்கோர் ஏறும்னு நண்பர் சொல்றார். உண்மையா?"

கொஞ்சம் ஏறலாம், ஆனால் அதற்காகவே கடன் வாங்காதீர்கள்.

நகை, வீடு, வண்டி மேல் வாங்குவது அடமானமுள்ள கடன். கார்டும் பர்சனல் லோனும் அடமானமில்லாதவை. இரண்டு வகையையும் ஒழுங்காகக் கட்டியவர் மேல் நம்பிக்கை கூடுவதால் இந்தக் கலவைக்கும் மதிப்பெண் உண்டு. சிபில் தன் கணக்கு முறையை முழுசாக வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் ஃபிகோ ஸ்கோரில் கலவைக்கு சுமார் 10 சதவீதம்தான். தவணை தவறாமைக்கு 35, பாக்கித் தொகைக்கு 30.

50,000 ரூபாய் நகைக்கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 5,000 போகும். தேவையில்லாத கடனுக்கு இது தண்டம். விண்ணப்பித்ததும் வங்கி உங்கள் சிபில் ரிப்போர்ட்டைப் பார்த்ததாக ஒரு விசாரணை பதிவாகி, ஸ்கோர் முதலில் சற்று இறங்கவும் கூடும். வட்டி கட்டாமல் விட்டால் நகையும் ஏலத்துக்குப் போகும்.

அதைவிட கார்டைப் பாருங்கள். லிமிட் ஒரு லட்சம், பில் 60,000 என்றால் 60 சதவீதம் உபயோகம். இது குறைவாகத் தெரிந்தால் ஸ்கோருக்கு நல்லது. கடைசித் தேதியில் முழுசாகக் கட்டினாலும், பெரும்பாலும் பில் போட்ட அன்றைய பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. பில் வருவதற்கு நாலு நாள் முன்பே 40,000 கட்டிவிட்டால் 20 சதவீதமாகத் தெரியும். வட்டிச் செலவு எதுவும் இல்லை.

எப்படியும் பைக் வாங்கப் போகிறீர்கள் என்றால் வண்டிக் கடன் எடுங்கள், கலவை தானாக அமைந்துவிடும்.