பதில்: சுயாதீன இயக்குநர்கள் இருந்தும் முகவர் சிக்கல் தீராதது ஏன்?

"சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சுயாதீன இயக்குநர்களே அதிகம். பிறகு எப்படித் தவறியது? தேர்வுக்கு எப்படி எழுதுவது?"

எண்ணிக்கையிலிருந்து தொடங்காமல், யாருடைய பணம் யாரிடம் போக இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருடைய இரு மேடாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கச் சத்யம் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்தது. அக்குடும்பத்துக்குச் சத்யத்தில் 9 விழுக்காட்டுக்கும் குறைவான பங்கும், மேடாஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பங்கும் இருந்தன. ஆகவே, சத்யம் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் குடும்பம் இழப்பது 9 பைசாவுக்குள், பெறுவதோ 33 பைசாவுக்கு மேல். நிறுவனத்தை நடத்துபவரின் நலனும் பங்குதாரர்களின் நலனும் பிரிந்துபோகும் முகவர் சிக்கல் என்பது இந்த இடைவெளிதான்.

குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் இருந்தார், திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுயாதீன இயக்குநர்களை நியமிப்பதில் நிறுவனரின் செல்வாக்கும், அவர்கள் படிக்கும் கணக்குகளில் நிர்வாகத்தின் கையும் இருக்கும்போது, அவர்களால் கேள்வி கேட்க முடியுமே தவிர விடையைச் சரிபார்க்க முடியாது. அக்கணக்குகளே பொய் என்பதை 2009 ஜனவரி 7 அன்று ராஜுவே ஒப்புக்கொண்டார்.

மேடாஸ் பேரத்தைத் தடுத்தது முதலீட்டாளர்களின் எதிர்ப்பு. சில மணி நேரத்திலேயே அது கைவிடப்பட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 188ஆம் பிரிவு, பங்குதாரர் ஒப்புதல் தேவைப்படும் இத்தகைய பேரங்களில் தொடர்புடைய பங்குதாரர் வாக்களிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. என் கருத்தில், மூன்றில் ஒரு பங்கு சுயாதீன இயக்குநர்கள் என்ற விதியைவிட இதற்கே விடைத்தாளில் அதிக இடம் கொடுக்கலாம்.