ட்ரையல் போட்டோவை நம்பலாமா?

கேள்வி: கல்யாணத்துக்காக பார்லரில் ட்ரையல் மேக்கப் போட்டு போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் ஏதோ உறுத்துகிறது. எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது?

அந்தப் படத்தை பார்லரில் ரிங் லைட் முன்னால் உட்கார வைத்து அவர்களே எடுத்திருப்பார்கள், சரியா? அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த வெளிச்சம் நேர் எதிரிலிருந்து சமமாக விழுவதால் நிழலே இருக்காது. போனில் பியூட்டி மோடும் இருந்தால் பிளெண்டிங் எப்படி என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

என் தங்கைக்கும் இப்படித்தான் ஒரு படம் வந்தது, வீடே அசந்துபோனது. எனக்கு மட்டும் சந்தேகம். முகத்தைக் கழுவ விடாமல், பியூட்டி மோடை அணைத்துவிட்டு, கழுத்தும் காதும் தெரிகிற மாதிரி ஜன்னலோரம் ஒரு படம், விளக்கை அணைத்து ஃபிளாஷில் ஒரு படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் மாநிறம், மஞ்சள் சாயல் உள்ள தோல். போட்டிருந்ததோ இரண்டு ஷேடு வெளுத்த, ரோஸ் கலந்த ஃபவுண்டேஷன் பேஸ். பெரிதாக்கிப் பார்த்தால் தாடை ஓரத்தில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறியது, காது தனி நிறம். ஃபிளாஷ் படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு. சிலிக்கா அதிகமுள்ள பவுடரை அழுத்திப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஃபிளாஷ் பட்டதும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். சன்ஸ்கிரீன் கலந்த பேஸும் சில நேரம் இதே வேலையைச் செய்யும்.

கண் மேக்கப்பை, கண்ணை மூடி எடுத்த படத்தில் மட்டும் பார்க்கக் கூடாது. இமை மடிப்பு உள்ளே போகிற கண்களில் ஷேடோ எல்லாம் திறந்ததும் காணாமல் போய்விடும். நேராகப் பார்க்கிற படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அப்போதும் கண் எடுப்பாக இருக்க வேண்டும். மேடையில் தள்ளி நின்று எடுக்கும் படத்தில் அவ்வளவுதான் தெரியும்.

தங்கையின் படங்களைக் காட்டியதும் மேக்கப் போட்ட அம்மாவுக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் பேஸைக் கழுத்தோடு பொருத்திப் பவுடரைக் குறைத்தார். அடுத்த ஃபிளாஷ் படத்தில் திட்டு இல்லை. நாலைந்து மணி நேரம் கழித்தும் ஒரு படம் எடுங்கள், சில பேஸ் போகப் போகக் கறுக்கும். ஹோமப் புகைக்கும் வியர்வைக்கும் தாங்குமா என்பதை எந்தப் போட்டோவும் சொல்லாது.

மேக்கப் போடுபவர்களை எல்லாம் குறை சொல்கிறேன் என்று யாரும் கமெண்டில் வரிந்துகட்ட வேண்டாம். ‘பொண்ணு கலரா தெரியணும்’ என்று அவர்களை நச்சரிப்பதே நம் அத்தை, சித்திகள்தான். எங்கள் போட்டோகிராபர் இன்னும் மோசம். இவ்வளவு பாடுபட்டுச் சரியாக்கிய நிறத்தை, ஆல்பத்தில் யாரும் கேட்காமலே வெளுத்து வைத்தார். ஒரிஜினல் படங்களைக் கேட்டால் தனியாகப் பணம் வேண்டுமாம்.